கதவைத் திறந்ததும் பால் குடித்த பூனை

'வென் ஐ ஓபன்ட் த டோர், த கேட் டிராங்க் த மில்க்' என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியிருந்தான். எழுத்துப் பிழை இல்லை. நடந்து முடிந்த சங்கதி என்பதால் வினைச்சொல்லும் இறந்தகாலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். பூனை பாலுக்கு முன்னால் சமர்த்தாக உட்கார்ந்து, இவன் வந்து கதவைத் திறக்கட்டும் என்று காத்திருந்து, திறந்த பிறகு குடித்ததாக அந்த வாக்கியம் சொல்கிறது.

நான் கொடுத்த பயிற்சி இதுதான். கீழே உள்ள கதையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எந்த வினை சிம்பிள் பாஸ்ட், எந்த வினை பாஸ்ட் கன்டினியுயஸ் என்பதை மாணவனே முடிவு செய்ய வேண்டும்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பாட்டி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் போனது. சமையலறையில் ஏதோ உருண்டது. டார்ச்சை எடுத்தேன். கதவைத் திறந்தேன். மேடைமேல் பூனை பால் குடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியது.

முதல் மூன்று வாக்கியங்களை எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றிப் பாருங்கள். பாட்டியை முன்னால் வைத்து மழையைப் பின்னால் தள்ளினாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. அவை மூன்றும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. 'கதவைத் திறந்தேன், டார்ச்சை எடுத்தேன்' என்று மாற்றினால் வேறு கதை. இப்போது டார்ச் சமையலறைக்குள் இருக்கிறது. இடம் மாற்றினால் நடந்ததே மாறிவிடும் வாக்கியங்கள்தான் கதையின் முதுகெலும்பு என்று வில்லியம் லபோவும் ஜோஷுவா வலெட்ஸ்கியும் 1967இல் எழுதினார்கள். அந்த முதுகெலும்புக்கு ஆங்கிலம் தருவது சிம்பிள் பாஸ்ட். சுற்றிலும் ஓடிக்கொண்டிருந்ததற்கு 'வாஸ்' அல்லது 'வேர்' போட்டு, வினையோடு 'இங்' சேர்க்க வேண்டும்.

கரும்பலகையில் இதை நீளமான நெளிகோடாகவும், அதைக் குறுக்கே வெட்டும் சின்னக் கோடாகவும் வரைவேன். நெளிகோடு பால் குடிப்பது. வெட்டும் கோடு கதவு திறப்பது. கதவு திறப்பதற்கு முன்னாலேயே நெளிகோடு தொடங்கியிருக்க வேண்டும்.

பையன் ஏன் தவறினான்? தமிழில் இந்த வேலையை வினை மட்டும் தனியாகச் சுமப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் 'திறந்ததும்' என்கிறோம். ஒன்றின் நடுவே இன்னொன்று நடந்தால் 'திறந்தபோது' என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வென்' போதும். 'டிராங்க்' என்றால் திறந்ததும் குடித்தது. 'வாஸ் டிரிங்கிங்' என்றால் திறந்தபோது குடித்துக்கொண்டிருந்தது. பொருள் முழுக்க வினையின் தலையில் விழுகிறது.

அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். 'கொண்டிருந்தது' தானாக வாயில் வந்தால் பெரும்பாலும் பாஸ்ட் கன்டினியுயஸ். பெரும்பாலும்தான், இந்தக் காது ஏமாற்றும் இடங்களும் உண்டு. 'டார்ச் வைத்திருந்தேன்' என்பதில் 'இருந்தேன்' கேட்பதால் 'ஐ வாஸ் ஹேவிங் எ டார்ச்' என்று எழுதிவிடுகிறார்கள். கையில் ஒரு பொருள் இருப்பது செயல் இல்லை, நிலை. அதற்கு 'ஹேட்' போதும். 'தெரியும்', 'வேண்டும்' போன்றவற்றுக்கும் இதே கணக்குதான்: 'நியூ', 'வான்ட்டட்'. 'பாட்டி உட்கார்ந்திருந்தாள்' என்பதிலோ 'கொண்டு' இல்லாவிட்டாலும் ஆங்கிலத்துக்கு 'வாஸ் சிட்டிங்' வேண்டும்.

இன்னொரு இடம் பழக்கம். 'சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தோம்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் அதையே 'வேர் பேதிங்' என்று எழுதினால், ஏதோ ஒரு குறிப்பிட்ட வேளையில் தண்ணீருக்குள் நின்ற காட்சிதான் வரும். பழக்கத்துக்குச் சிம்பிள் பாஸ்ட், இல்லையென்றால் 'யூஸ்ட் டு'.

கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுப் பையன் பூனையைத் திருத்திவிட்டான். அந்த உற்சாகத்தில் கதையில் தானாகவே ஒரு வரி சேர்த்தான்: 'வென் த கரண்ட் வென்ட், ஐ வாஸ் லைட்டிங் எ கேண்டில்.' அதாவது, கரண்ட் போகப்போவது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. மறுபடியும் சிவப்பு மையைத் திறந்தேன்.