விளக்கை அணைத்தால் தெரியும் உருவம்: திகில் குறும்படத்தில் பதற்றம் எப்படி எழுதப்படுகிறது

திகில் படத்தில் அதிர்ச்சி ஒரு நொடியில் முடிந்துவிடும். அந்த நொடிக்கு முன்னால் நீளும் காத்திருப்புதான் பதற்றம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவிடம் இதை ஓர் உதாரணத்தால் விளக்கினார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால், பார்வையாளருக்குக் கிடைப்பது 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கப்போகும் நேரமும் பார்வையாளருக்கு மட்டும் தெரிந்திருந்தால், மேசையைச் சுற்றி நடக்கும் சாதாரணப் பேச்சே 15 நிமிடப் பதற்றமாகிவிடும்.

குறும்படத்துக்கு அந்த 15 நிமிடம் கிடைப்பதில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஓர் ஆபத்தைப் புரியவைத்து, அதற்காகக் காத்திருக்கவும் வைக்க வேண்டும். இதை மிகக் குறைந்த பொருள்களைக் கொண்டு செய்து காட்டிய படம் டேவிட் எஃப். சாண்ட்பெர்க் 2013இல் ஸ்வீடனில் எடுத்த 'லைட்ஸ் அவுட்'. ஒரு குறும்படப் போட்டிக்காகத் தன் வீட்டிலேயே எடுத்தார். நடித்தவர் அவருடைய மனைவி லோட்டா லோஸ்டன். மூன்று நிமிடம்கூட ஓடாத அந்தப் படத்தில் வசனமே கிடையாது. மூன்றே ஆண்டுகளில் அவரே அதை ஹாலிவுட்டில் முழுநீளப் படமாக எடுத்தார்.

படுக்கப் போகும் ஒரு பெண் நடைவழியின் விளக்கை அணைக்கிறாள். மறுமுனையில் இருட்டில் ஒரு மனித உருவம் நிழலாக நிற்கிறது. விளக்கைப் போடுகிறாள், யாருமில்லை. அணைக்கிறாள், உருவம் அங்கேயே நிற்கிறது. இப்படி மாறி மாறிப் போட்டு அணைக்கும்போது, ஒருமுறை அது சட்டென்று அவளுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. விளக்கைப் போட்டு, சுவிட்ச் மீது ஒட்டு நாடாவை ஒட்டிவிட்டு, அவள் படுக்கைக்கு ஓடுகிறாள்.

படத்தின் பலம் இந்த முதல் பகுதியில்தான் இருக்கிறது. சுவிட்சை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பார்வையாளர் ஒரு விதியைக் கற்றுக்கொள்கிறார்: இருட்டில் அது இருக்கும், வெளிச்சத்தில் இருக்காது. அந்த உருவம் யார், ஏன் வந்தது, என்ன கேட்கிறது என்பதெல்லாம் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. விதி மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லப்படுகிறது. தகவலை மறைப்பதில் புதிய எழுத்தாளர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். காரணத்தோடு சேர்த்து விதியையும் மறைத்துவிடுகிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும் என்றே தெரியாத பார்வையாளர் குழம்பிப்போவார். அவரிடம் பதற்றம் உண்டாகாது.

விதி பிடிபட்ட பிறகு சின்னச் சின்ன விஷயங்களே ஆபத்தாகின்றன. படுக்கையறைக் கதவு இடைவெளி வழியே நடைவழியின் வெளிச்சம் தெரிகிறது; ஒரு கட்டத்தில் அது அணைகிறது. அடுத்து படுக்கையருகே உள்ள விளக்கு துடிக்கத் தொடங்குகிறது. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, மின்செருகியை அவள் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. செருகி ஆடுவது யார் வீட்டிலும் நடப்பதுதான். விதியை அறிந்தவருக்கோ அதுவே உயிர்ப் பிரச்சினை. கடைசியில் விளக்கு நிலையாக எரிகிறது, அவள் மூச்சு விடுகிறாள். அப்போது அந்த உருவம் வெளிச்சத்திலேயே விளக்கின் பக்கத்தில் முகம் காட்டி, விளக்கை அணைக்கிறது. பார்வையாளர் நம்பியிருந்த விதி அந்த நொடியில் உடைகிறது. விதியை உடைக்கும் உரிமை ஒரே ஒரு முறைதான், அதுவும் இறுதியில்தான். நடுவில் உடைத்திருந்தால் அதன் பின் வரும் எந்த விளக்குக்கும் பொருள் இருந்திருக்காது.

சட்டகத்தின் வேலை, பார்வையாளரின் கண்ணை ஓரிடத்தில் கட்டிப்போடுவது. சட்டகத்துக்குள் ஒரு கருமையான வாசலோ திறந்த கதவோ காலியாக விடப்பட்டிருந்தால், அதை நிரப்ப யாரோ வருவார்கள் என்று கண் தானே எதிர்பார்க்கும். திரைக்கதையில் 'கேமரா வலப்புறம் திரும்புகிறது' என்று எழுதாமலே இதைச் செய்யலாம். ஒரு காட்சித்துண்டுக்கு ஒரு வரி என்று எழுதினால், வரிகளின் வரிசையே எதை, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதை இயக்குநருக்குச் சொல்லிவிடும்.

ஒலியில் பாடமாக இன்றும் காட்டப்படுவது ஜாக் டூர்னர் இயக்கி 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. இரவில் ஒரு பெண் தெருவில் நடக்கிறாள், இன்னொருத்தி பின்தொடர்கிறாள். இருவர் குதிகால் ஓசையும் கேட்கிறது. பின்னால் வந்த ஓசை திடீரென்று நின்றுவிடுகிறது. பின்தொடர்ந்தவள் எங்கே போனாள் என்பதை அந்த நிசப்தம் சொல்வதில்லை. முன்னால் போகிறவள் வேகம் கூட்டுகிறாள். விலங்கு உறுமுவதுபோல் ஒரு சீறல் பாய்கிறது. வந்து நிற்பது ஒரு பேருந்து. அந்தச் சத்தம் நம்மைத் தூக்கிப்போடுவதற்குக் காரணம், அதற்கு முன்னால் நின்றுபோன காலடிதான். ஓர் ஓசையை முதலில் பழக்கி, பிறகு நிறுத்த வேண்டும். பழக்காத மௌனத்தைக் காது கவனிப்பதில்லை.

இந்த மூன்றும் ஒரு பக்கத்தில் எப்படிச் சேரும் என்பதற்கு ஒரு சிறு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். இரவு, ஒற்றை ஆள் இருக்கும் வீடு. எழுதப் பழகாதவர் இப்படி எழுதுவார்: 'குளியலறையில் ஏதோ இருப்பதாக உணர்ந்து அவன் பயப்படுகிறான்.' இதைப் படம் பிடிக்கவும் முடியாது, ஒலிப்பதிவு செய்யவும் முடியாது. அதையே இப்படி எழுதலாம்:

கூடம். அவன் சோபாவில் கைபேசியைப் பார்த்தபடி இருக்கிறான். அவனுக்குப் பின்னால் குளியலறைக் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே இருட்டு.
காலி வாளியில் நீர் சொட்டும் ஓசை. டங். டங்.
அவன் எழுந்து உள்ளே போகிறான். குழாயை இறுக மூடும் ஓசை. திரும்பி வந்து உட்காருகிறான்.
மௌனம். மின்விசிறி மட்டும்.
டங்.
அவன் திரும்பவில்லை. கைபேசியில் விரல் நிற்கிறது.
வாளியிலிருந்து ஒரு குவளை நீர் மொள்ளும் ஓசை.

சட்டகம் முதல் வரியிலேயே கதவைக் காட்டிவிட்டது. அதன் பிறகு நகரவே இல்லை. காலி வாளியின் கணீரென்ற ஓசை காதுக்குப் பழக்கப்பட்டது. கடைசி ஓசை இரண்டு செய்திகளைச் சொல்கிறது: உள்ளே ஒரு கை இருக்கிறது, சற்றுமுன் காலியாக இருந்த வாளியில் இப்போது நீர் இருக்கிறது. இரண்டாவது செய்தி உறைக்க ஒரு நொடி கூடுதலாக ஆகும். அந்த நொடியை அடுத்த வரியால் அடைத்துவிடக் கூடாது. யாருடைய கை என்பது இங்கே தேவையில்லை.

படப்பிடிப்பில் இந்த மௌனம் எளிதில் கெட்டுப்போகும். ஒலித்தடத்தை முற்றிலும் வெறுமையாக்கினால், ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். அதனால் ஆளில்லாத அறையின் ஓசையை அதே இடத்தில் அரை நிமிடமாவது தனியாகப் பதிவுசெய்து, மௌனத்துக்கு அடியில் ஓடவிடுவார்கள். இசையும் கவனிக்கப்பட வேண்டியது. கதவு திறக்கும் முன்பே வயலின் உயர்ந்தால், வரப்போவதை அது அறிவித்துவிடுகிறது. பார்வையாளர் காதைப் பொத்திக்கொண்டு தப்பித்துவிடுகிறார்.

எழுதிய பக்கம் வேலை செய்கிறதா என்று கேமராவைத் தொடும் முன்பே சோதிக்கலாம். கதை தெரியாத ஒருவருக்கு அதை மெதுவாக, இடைவெளிகளோடு வாசித்துக் காட்டி, நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். 'குளியலறைக்குள் போகக் கூடாது' என்பதுபோல் ஒரு திட்டமான அச்சத்தைச் சொன்னால் விதி போய்ச் சேர்ந்திருக்கிறது. 'என்ன நடக்கிறதென்றே புரியவில்லை' என்றால் மறைத்தது அதிகம். நடக்கப்போவதை அப்படியே சொல்லிவிட்டால் கொடுத்தது அதிகம். முதலில் எடுக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு விளக்க வசனமாக இருக்கும்.