பெட்டி வரைய வேண்டாம், பட்டியல் போடுங்கள்

கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். உரிமையாளரையும் சேர்த்து 17 பேர். வங்கிக் கடனுக்கோ ஐஎஸ்ஓ தணிக்கைக்கோ போனால் 'உங்கள் ஆர்கனைசேஷன் சார்ட் கொடுங்கள்' என்பார்கள். உடனே யாராவது வேர்டில் உட்கார்ந்து பெட்டி போட்டு, கோடு இழுத்து, மாலைக்குள் அழகாக முடித்துவிடுவார். மூன்றாம் மாதம் சூப்பர்வைசர் மாறுவார். ஒரு பெட்டியை நகர்த்தினால் நான்கு கோடுகள் தொங்கும். அதோடு அந்தப் படத்தை யாரும் தொடமாட்டார்கள்.

பெட்டிகளைக் கையால் வரையாமல், தகவலைப் பட்டியலாக வைத்துக்கொண்டு படத்தைக் கணினியிடம் விட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கூகுள் ஷீட்ஸே போதும்.

முதல் வரியைத் தலைப்புக்கு விட்டுவிடுங்கள். D பத்தியில் பதவி, E பத்தியில் அதில் இருப்பவர் பெயர். A பத்தி பெட்டிக்குள் தெரியவேண்டிய எழுத்து. அதைத் தட்டச்சு செய்யாமல் சூத்திரமாகப் போடுங்கள். B பத்தி அவருக்கு மேல் யார் என்பது. C பத்தியில் சிறு குறிப்பு எழுதலாம். உரிமையாளர் 2-ஆம் வரியில் இருந்தால் அவருடைய B கட்டம் காலியாக இருக்கட்டும். அவருக்குக் கீழே வரும் சூப்பர்வைசருக்கு 3-ஆம் வரி இப்படி:

```
A3:  =D3&" - "&IF(E3="","காலி",E3)
B3:  =$A$2
```

பிறகு A முதல் C வரை தேர்ந்தெடுத்து, Insert > Chart போய், Chart type-இல் Organizational chart என்பதைச் சொடுக்கினால் படம் வந்துவிடும். சூப்பர்வைசர் விலகினால் E3-இல் உள்ள பெயரை அழித்தால் போதும். பெட்டியில் 'காலி' என்று தானே வரும். அவருக்குக் கீழே இருப்பவர்களின் B கட்டங்கள் A3-ஐப் பார்த்துக்கொண்டிருப்பதால் கோடு எதுவும் அறுந்துபோகாது. மேலாளர் பெயரை B-யில் கையால் அடித்திருந்தால் இது நடக்காது. ஒரு எழுத்தோ ஓர் இடைவெளியோ மாறினாலும் அந்தக் கிளை மரத்தை விட்டுப் பிரிந்து தனியே நிற்கும். அப்படி நின்றால் முதலில் B பத்தியைத்தான் பார்க்கவேண்டும். இன்னொன்று, பட்டியலை அகரவரிசைக்கு மாற்றாதீர்கள். சூத்திரங்கள் பழைய கட்டங்களையே காட்டிக்கொண்டு நிற்கும், ஆள் மாறிப்போவார்.

இனி அந்தப் பட்டறைக்கே வருவோம். லேத் ஆபரேட்டர்கள் ஆறு பேர், டிரில்லிங்கில் இருவர், ஹெல்பர் இருவர். பத்துப் பேருக்கும் தனித்தனிப் பெட்டி போட்டால் படம் பக்கவாட்டில் நீண்டு, ஏ4 தாளில் எழுத்தே தெரியாது. 'லேத் ஆபரேட்டர்கள் - 6 பேர்' என்று ஒரே பெட்டி போதும். பெயர்ப் பட்டியல் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறதே! தனித்தனியாகத்தான் வேண்டுமென்றால் பதவிக்கு எண் கொடுங்கள். ஒரே எழுத்துள்ள இரண்டு பெட்டிகளைக் கூகுள் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

தரப் பரிசோதகரை எங்கே வைப்பது? பெரும்பாலும் சூப்பர்வைசருக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள். மாதக் கணக்குக்கு உருப்படி காட்டவேண்டியவரே, உருப்படியை நிராகரிப்பவருக்கும் மேலாளர் என்றால் நிராகரிப்பு எப்படி நடக்கும்? அவரை நேரே உரிமையாளருக்குக் கீழே வைப்பதுதான் சரி என்பேன். தணிக்கைக்கு வருபவர்களின் கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

ஸ்டோர் கீப்பர்தான் சிக்கல். சரக்கை எடுத்துக் கொடுப்பது சூப்பர்வைசர் சொல்லி. இருப்புக் கணக்கு ஒப்படைப்பது கணக்காளரிடம். இந்த வகைப் படத்தில் ஒரு பெட்டிக்கு மேலே ஒரு கோடுதான் போகும். லீவு வேண்டுமென்றால் யாரிடம் கேட்கிறார் என்று விசாரியுங்கள். கோடு அவரிடம் போகட்டும். இங்கே அது கணக்காளர். சூப்பர்வைசர் தொடர்பை C பத்தியில் குறிப்பாக எழுதினால், பெட்டி மேல் சுட்டியை வைக்கும்போது தெரியும். அச்சில் அது வராது என்பதால், தணிக்கைக்குக் கொடுக்கும் தாளில் படத்துக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவிடவேண்டும். இரண்டு பங்குதாரர்கள் நடத்தும் நிறுவனத்துக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. உச்சியில் 'பங்குதாரர்கள்' என்று ஒரே பெட்டி வைத்து, இருவர் பெயரையும் E2-இல் சேர்த்து எழுதுவதுதான் வழி.

அலங்காரத்துக்கு இதில் அதிக இடமில்லை. பெட்டியின் அளவும் நிறமும் மாற்றலாம், அவ்வளவுதான். இந்தப் பெட்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளவேண்டும் என்றால் முடியாது. அந்த ஆசை உள்ளவர்கள் மறுபடி வேர்டுக்குப் போய், சுவரில் பழைய படத்தையே தொங்கவிடுகிறார்கள். அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு, பழையதைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். போன வருடத்துச் சூப்பர்வைசர் பெயரைத் தணிக்கையாளர் சுவரில் பார்த்தால், கையில் கொடுத்த புதிய தாளையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்.