டியூபில் பொடி எழுத்தைப் படியுங்கள்

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் முகப்பருவுக்காகப் போட்டுவந்த மூன்று டியூப்களை என் முன்னால் வைத்தாள். "சித்தி, மூணும் மூணு மருந்து. ஆறு மாசமா போடறேன். முகம் எரியுதே தவிர பரு போகல" என்றாள். ஒன்று டாக்டர் எழுதியது, இன்னொன்று தோழி சொன்னது, மூன்றாவது மருந்துக்கடைக்காரர் கொடுத்தது.

டியூபில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை வைத்து உள்ளே இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கீழேயோ பின்பக்கமோ பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும். அவளையே படிக்கச் சொன்னேன். முதல் டியூபில் கிளிண்டாமைசின் 1 சதவீதம். இரண்டாவதில் அடாபலீன் 0.1 சதவீதம். மூன்றாவதில் அந்த இரண்டும் சேர்ந்தே இருந்தன. டியூப் மூன்று என்றாலும் மருந்து இரண்டுதான். காலையில் முதலாவதும் மாலையில் மூன்றாவதும் இரவில் இரண்டாவதும் போட்டதால் அடாபலீன் தினமும் இரண்டு முறை தோலில் ஏறியிருக்கிறது. எரிச்சலுக்குக் காரணம் அதுதான்.

அடாபலீன், ட்ரெட்டினாயின், டாசரோட்டீன் ஆகியவை ரெட்டினாய்டு வகை. இவை வைட்டமின் ஏ-வின் உறவுக்காரர்கள். பெயர் 'ஈன்' என்றோ 'ஆயின்' என்றோ முடிவதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். தோலின் துளைகளை அடைத்துக்கொள்ளும் செல்கள் சேராமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. கரும்புள்ளிக்கும் வெண்புள்ளிப் பருவுக்கும் அடிப்படை மருந்து இதுதான். இரவில், உலர்ந்த முகத்தில், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைப்பது பயன் தராது. முதல் சில வாரம் தோல் உரியும், வறளும், சிலருக்குப் பரு கூடவும் செய்யும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பலர் மூன்றாவது வாரத்திலேயே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்த வகையைத் தொடக்கூடாது.

கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் என்று 'மைசின்' வால் வைத்தவை ஆன்டிபயாடிக். சில டியூப்களில் 'கிளிண்டாமைசின் ஃபாஸ்பேட்' என்று இருக்கும், மருந்து அதேதான். நாடிஃப்ளாக்சசின் என்ற பெயரில் 'மைசின்' இல்லாவிட்டாலும் அதுவும் இந்த வகைதான். சிவந்து வீங்கிய, சீழ் வைத்த பருவை இவை சீக்கிரம் அடக்கும். ஆனால் தனியாக மாதக்கணக்கில் போட்டால், பருவில் இருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அது பலிக்காது. அதனால்தான் தோல் மருத்துவர்கள் இதைத் தனியாகத் தருவதைத் தவிர்த்து, பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்துச் சுமார் மூன்று மாதத்துக்குள் நிறுத்திவிடப் பார்க்கிறார்கள். என் அக்கா மகளின் மூன்று டியூப்களில் இல்லாமல் போனது அந்த பென்சாயில் பெராக்சைடுதான்.

அதற்குச் சுருக்குவழி எதுவும் வேண்டாம், டியூபில் முழுப் பெயரே இருக்கும். பெரும்பாலும் 2.5 அல்லது 5 சதவீதம். ஆக்சிஜனை வெளிவிட்டுக் கிருமியைக் கொல்வதால் கிருமி இதற்குப் பழகுவதில்லை. சதவீதம் கூடினால் பலனும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். கூடுவது பெரும்பாலும் எரிச்சல்தான், எனவே 2.5-ல் தொடங்குவதே நல்லது. இது பட்ட துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும், ஆகவே வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள். ட்ரெட்டினாயினோடு ஒரே நேரத்தில் தடவினால் அந்த மருந்தை இது கெடுத்துவிடும். அடாபலீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அவளை அழைத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனோம். மற்ற இரண்டு டியூப்களையும் நிறுத்தச் சொல்லி, காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5, இரவில் அடாபலீன் என்று எழுதிக்கொடுத்தார். எரிச்சல் அடங்கும்வரை அடாபலீனை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம் என்றார்.

ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். ட்ரெட்டினாயின் பெயரைப் பார்த்ததும் பரு கிரீம் என்று நினைத்துவிடக் கூடாது. அதோடு மோமெட்டசோன் போல 'சோன்' என்று முடியும் பெயரும் ஹைட்ரோகுயினோனும் இருந்தால் அது மங்கு போன்ற கருந்திட்டுக்குக் குறுகிய காலம் மட்டும் தருவது. இதில் வரும் 'சோன்' ஸ்டீராய்டு. நிறம் கூடும் என்று நம்பி இதைப் பூசுபவர்களுக்கு முதலில் முகம் பளிச்சென்று தெரியும், நாளாக ஆக முகம் சிவக்கும், நரம்புகள் தெரியும், புதிதாகவே பரு கிளம்பும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது முகத்தில் போடும் எல்லா டியூப்களையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் வாங்கும்போது, மருந்தின் பெயர் கண்ணுக்குத் தெரியாத டியூபைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.