தவணையை நிறுத்தும்போது எழுதவேண்டிய மெயில்

"ரூஃப் போட்டாச்சு சார், ரூஃப் தவணையைப் போட்டுவிடுங்க." காண்ட்ராக்டரிடம் வீட்டு வேலையை ஒப்படைத்திருக்கும் எவருக்கும் இந்த ஃபோன் வரும். வேலை சரியாக இருந்தால் பணத்தைப் போட்டுவிடலாம். பீமின் அடியில் கம்பி தெரிகிறது, கான்கிரீட் பலம் குறைவு என்று லேப் சொல்கிறது என்றால்தான் சிக்கல். பலர் ஃபோனை எடுப்பதைத் தவிர்ப்பார்கள், அல்லது "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இழுப்பார்கள். இரண்டுமே வீட்டுக்காரருக்குத்தான் கேடு. காரணம் சொல்லாமல் நிறுத்திய பணம், பின்னால் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ பார்க்கும்போது, தரவேண்டிய பாக்கியாகத்தான் தெரியும். காரணத்தை எழுதி நிறுத்திய பணம் வேறு கதை.

உதாரணமாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மதுரையை ஒட்டிய ஒரு மனையில் 1,000 சதுர அடியில் தரைதள வீடு. சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று பேசி, மொத்தம் 24 லட்சம். ரூஃப் தவணை 15 சதவீதம், அதாவது 3,60,000 ரூபாய். ஐ.எஸ். 456 விதிப்படி எம்20 கான்கிரீட் போடவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. 28 நாள் கழித்துச் சோதித்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் வகையில் தயாரிக்கப்படும் கலவையே எம்20.

மார்ச் 4 அன்று ரூஃப் போட்டார்கள். சுமார் 15 கன மீட்டர் கான்கிரீட். அந்த அளவுக்கு இரண்டு சாம்பிள் எடுக்கவேண்டும், சாம்பிளுக்கு மூன்று கியூப். காலையில் படுக்கையறைப் பக்கம் போட்டபோது ஒரு சாம்பிள், மாலையில் ஹால் பக்கம் போட்டபோது இன்னொன்று. எந்தக் கியூப் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று வீட்டுக்காரரின் இன்ஜினியர் நோட்டில் குறித்துக்கொண்டார். பின்னால் எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது அந்த ஒரு வரிக் குறிப்புதான்.

மார்ச் 25-ம் தேதி பீமுக்கு அடியில் இருந்த சென்ட்ரிங்கைப் பிரித்தார்கள். ஹால் பீமின் அடியில் இரண்டடி நீளத்துக்கு ஜல்லி தனித்தனியாகப் பிதுங்கி நின்றது, நடுவில் இரண்டு கம்பி வெளியே தெரிந்தது. தேன்கூடு என்று கட்டடக்காரர்கள் சொல்வது இதைத்தான். கம்பி நெருக்கமாக இருக்கும் இடத்தில் வைப்ரேட்டரைச் சரியாக இறக்காவிட்டால் சிமென்ட் பால் கீழே போய்ச் சேராது. சென்ட்ரிங் பலகை இடுக்கில் பால் ஒழுகிப்போனாலும் இப்படி ஆகும். மேஸ்திரி உடனே சிமென்டைக் குழைத்துப் பூச வந்தார். இன்ஜினியர் தடுத்து, அளவு டேப்பை ஒட்டி வைத்து நான்கு படம் எடுத்தார். பூசிவிட்டால் உள்ளே பொந்து எவ்வளவு ஆழம் என்று பிறகு யாருக்கும் தெரியாது. கம்பி மட்டும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஏப்ரல் 1 அன்று 28 நாள் முடிந்து கியூப் ரிசல்ட் வந்தது. காலை சாம்பிளின் சராசரி 21.4. மாலை சாம்பிளின் மூன்று கியூப்கள் 15.2, 16.0, 16.5, சராசரி 15.9. மாலையில் கை ஓய்ந்தபின், கலவை எளிதாக ஓடட்டும் என்று கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது நம் ஊர் வேலைத்தளங்களில் அடிக்கடி நடப்பது. தண்ணீர் ஏறினால் பலம் இறங்கும். ஏப்ரல் 3 அன்று காண்ட்ராக்டரின் பில் வந்தது. வீட்டுக்காரர் ஏப்ரல் 6 அன்று அனுப்பிய மெயில் இது:

"வணக்கம் சார். ஏப்ரல் 3-ம் தேதியிட்ட உங்கள் ரூஃப் தவணை பில் (ரூ.3,60,000) கிடைத்தது. ஒப்பந்தத்தின் 6-வது பிரிவின்படி, ரூஃப் வேலை குறிப்பிட்ட தரத்தில் முடிந்து, சென்ட்ரிங் பிரித்து, கியூப் ரிசல்ட் ஒப்படைத்தபின் இத்தவணை தரப்படவேண்டும். இரண்டு விஷயங்களில் வேலை அந்தத் தரத்துக்கு வரவில்லை.

ஒன்று, ஹால் பீமின் அடியில் 60 செ.மீ. நீளத்துக்குத் தேன்கூடு விழுந்து இரண்டு கம்பிகள் வெளியே தெரிகின்றன. மார்ச் 25 அன்று எடுத்த நான்கு படங்கள் இணைப்பில் உள்ளன. இரண்டு, ஹால் பகுதி கான்கிரீட்டின் 28 நாள் சராசரி 15.9 நியூட்டன், ஒப்பந்தத்தில் உள்ளது எம்20. லேப் ரிப்போர்ட் இணைப்பில் உள்ளது. படுக்கையறைப் பகுதியின் ரிசல்ட் 21.4, அதில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை.

ஆகவே ரூ.2,10,000 இன்று உங்கள் கணக்கில் செலுத்தப்படுகிறது. இது முன்பணமாகத் தரப்படுவது. ஹால் பகுதி வேலையை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. மீதி ரூ.1,50,000 கீழ்க்கண்டவை முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது: பீமை எங்கள் இன்ஜினியர் பார்வையில் பழுதுபார்த்தல், ஹால் ஸ்லாபில் மூன்று இடங்களில் கோர் எடுத்து ஐ.எஸ். 456-ன்படி சோதித்தல். இரண்டும் திருப்தியாக முடிந்த 3 வேலை நாட்களுக்குள் முழுத்தொகையும் தரப்படும். கோர் எடுக்கும் நாளை ஏப்ரல் 13-க்குள் தெரிவியுங்கள். இந்தக் கணிப்பில் தவறு இருப்பதாக நீங்கள் கருதினால் காரணத்தை எழுதுங்கள், தளத்திலேயே சேர்ந்து பார்ப்போம்."

இதில் ஒரு வசைச்சொல் இல்லை. "உங்கள் ஆட்கள் ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் காண்ட்ராக்டர் அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதியிருப்பார், பீமைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது. குறை எங்கே, எவ்வளவு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவுக்கு எதிராக, என்ன செய்தால் பணம் வரும் என்பது மட்டும் இருந்தால் அவர் வேலைக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

முழுத் தவணையையும் ஏன் நிறுத்தவில்லை? ஒப்பந்த வாசகத்தை வைத்துப் பார்த்தால் நிறுத்தியிருக்கலாம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 54-வது பிரிவு, ஒருவர் தன் பங்கை முடித்தபின்தான் மற்றவரிடம் கேட்கமுடியும் என்ற வகை ஒப்பந்தத்தில், தன் பங்கைச் செய்யாதவர் மற்றவரிடம் உரிமை கோர முடியாது என்கிறது. ஆனாலும் பாதி வீட்டில் குறையே இல்லை. சனிக்கிழமை கூலி கொடுக்கவேண்டிய காண்ட்ராக்டரிடம் ஒரு பைசாவும் தராமல் நிறுத்தினால், ஆட்கள் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்கள். திருத்தவேண்டிய வேலையும் நின்றுபோகும். சந்தேகம் உள்ள பகுதியின் மதிப்பை மட்டும் நிறுத்துவதே நியாயம் என்பது என் கருத்து. அதோடு, தகராறு முற்றினால் வீட்டுக்காரர் நியாயமாக நடந்தார் என்பதற்கு அந்த 2,10,000 ரூபாயே சாட்சி. "ஏற்றுக்கொண்டதாக ஆகாது" என்ற வரியை மட்டும் விட்டுவிடக்கூடாது. அது இல்லாவிட்டால், பணம் கொடுத்ததையே வேலையை ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் உண்டு.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியம்தான். ஆனால் அங்கே குரல் பதிவுகளுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் நடுவில் பேச்சு சிதறிக் கிடக்கும். மெயிலில் தேதி, பொருள், படம், ரிப்போர்ட் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டில் எதை நீதிமன்றத்தில் காட்டினாலும் பாரதிய சாட்சிய சட்டம், 2023-ன் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். ஆகவே அனுப்பிய மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

சீக்கிரம் எழுதுவதற்கும் காரணம் உண்டு. காண்ட்ராக்டர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பணம் தாமதமானால் 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம் கூட்டுவட்டி போடுகிறது. ஆனால் சேவையைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபித்தால், அந்தக் குறை தீர்ந்த நாளைத்தான் ஏற்றுக்கொண்ட நாளாகச் சட்டம் கணக்கிடுகிறது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்கு இச்சட்டம் எந்த அளவு பொருந்தும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரே கருத்தில் இருந்ததில்லை. அதனாலேயே 15 நாளைத் தாண்டவிடாமல் இருப்பது நல்லது.

காண்ட்ராக்டர் என்ன பதில் சொல்வார்? "கியூப்பைச் சரியாகக் குத்தி நிரப்பவில்லை, தண்ணீரில் போடவில்லை, அதனால்தான் பெயிலாச்சு. ஸ்லாப் நல்லாத்தான் இருக்கு." இதைச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அலட்சியமாக வார்த்த கியூப் குறைவாகத்தான் காட்டும். அதைத் தீர்க்கத்தான் கோர் சோதனை. ஸ்லாபிலிருந்தே உருளையாகக் கான்கிரீட்டைத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். கம்பி அறுபடாத இடமாகப் பார்த்து, குறைந்தது மூன்று எடுக்கவேண்டும். அவற்றின் சராசரி, கியூப் பலத்துக்கு மாற்றிக் கணக்கிட்டபின், குறித்த பலத்தில் 85 சதவீதமாவது வரவேண்டும். எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. எம்20-க்கு அது முறையே 17, 15.

நம் உதாரணத்தில் மூன்று கோர்களும் 18.1, 17.3, 16.9 என்று வந்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 17.4. ஐ.எஸ். 456-ன்படி இந்தக் கான்கிரீட்டை ஏற்கவேண்டியதுதான். "எனக்கு 20 வேண்டும்" என்று அதற்குமேல் பிடிவாதம் பிடிக்க வீட்டுக்காரருக்கு இடமில்லை, ஏனென்றால் அந்த விதியை ஒப்பந்தத்தில் எழுதியது அவரும்தான். 17-ஐத் தொடாமல் போயிருந்தால் சுமை ஏற்றிச் சோதிப்பது, பலப்படுத்துவது, வேறு வழியில்லை என்றால் இடித்துப் போடுவது என்று விஷயம் நீளும். அப்போது 1,50,000 ரூபாய் போதுமா என்பதையும் இன்ஜினியர் மறுபடி கணக்குப் போடவேண்டியிருக்கும்.

பீம் வேலை எளிது. பிடிப்பில்லாத ஜல்லியை நல்ல கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுத்து, கம்பியைத் துலக்கி, தூசியைக் கழுவி, சுருங்காத க்ரவுட்டை நிரப்பி, ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். பிறகு சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று வெறுமையான சத்தம் வரக்கூடாது. கொத்தி முடித்தபோது ஒரு படம், நிரப்பியபின் ஒரு படம். இரண்டையும் அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்பச் சொல்லி, மீதியை விடுவிக்கும் மெயிலையும் அதன் கீழேயே எழுதவேண்டும். சொன்ன 3 நாளுக்குள் பணம் போயாகவேண்டும்.

இந்த மெயில் நிற்பதற்குக் காரணம் ஒப்பந்தத்தில் இருந்த அந்த 6-வது பிரிவு. நம் ஊரில் முத்திரைத்தாளில் எழுதும் பல ஒப்பந்தங்களில் "ரூஃப் கான்கிரீட் போட்டவுடன் 15%" என்று மட்டும்தான் இருக்கிறது. அப்படி எழுதிவிட்டு, போட்ட மறுநாள் பணத்தை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் வீட்டுக்காரராகத் தெரிவார். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லுங்கள். "போட்டவுடன்" என்பதை எடுத்துவிட்டு, "குறித்த தரத்தில் முடிந்து, சென்ட்ரிங் பிரித்து, 28 நாள் கியூப் ரிசல்ட் தந்தபின்" என்று எழுதுங்கள். அதுவரை காண்ட்ராக்டருக்குக் கை கடிக்கும் என்றால், போட்டவுடன் 8 சதவீதம், ரிசல்ட் வந்தபின் 7 சதவீதம் என்று தவணையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.