மடிப்புகளில் தீராத அரிப்பு: எதைப் பூசுகிறோம், எப்போது பூசுகிறோம்?

முழங்கையின் உள்மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் தோல் வறண்டு, சிவந்து அல்லது கறுத்து, இரவானால் அரிப்பு தாங்க முடியவில்லையா? அடோபிக் எக்ஸிமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். கரப்பான் என்று ஊரில் சொல்வது இதையும் சேர்த்துத்தான். குழந்தைகளின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். சிறுவயதில் மறைந்தது வளர்ந்தபின் திரும்புவதும், சிலருக்குப் பெரியவர்களான பிறகே முதல்முறை வருவதும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ இருக்கலாம். இது தொற்றாது.

தோலின் மேலடுக்கு தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும், வெளியே இருப்பதை உள்ளே விடாது. எக்ஸிமா உள்ளவர்களுக்கு இந்தத் தடுப்பு பலவீனம். ஈரம் வெளியேற, சோப்பும் வியர்வையின் உப்பும் தூசியும் உள்ளே போய்த் தோலைச் சீண்டுகின்றன. சொறிந்தால் தடுப்பு இன்னும் உடைகிறது, அரிப்பு இன்னும் கூடுகிறது. மடிப்புகளில் வியர்வை தேங்குவதாலும் தோலோடு தோல் உரசுவதாலும் அங்கே தொல்லை அதிகம்.

சென்னையில் வேலைபார்க்கும் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் நல்ல சூடான தண்ணீரில், நார் போட்டுத் தேய்த்து, உடல் முழுக்க சோப்புக் குளியல். இறுக்கமான ஜீன்ஸ். பைக்கில் போகும்போது வியர்வை, பிறகு எட்டு மணி நேரம் ஏசி. அரிப்பு வந்தால் மட்டும் வறண்ட இடத்தில் பட்டாணி அளவு கிரீம். ஒரு சின்ன டியூப் அவருக்கு இரண்டு மாதம் வருகிறது. கிரீம் வேலை செய்யவில்லை என்பது அவர் குறை. உண்மையில் அது வேலை செய்ய அவர் விடவே இல்லை.

அவர் மாற்ற வேண்டியதில் முதலாவது குளியல். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். வாசனையில்லாத மென்மையான சோப்பு, அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதங்களுக்கு மட்டும். நாரும் கடலைமாவுத் தேய்ப்பும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, சில நிமிடங்களுக்குள் மாய்ஸ்சரைசரைப் பூச வேண்டும்.

அடுத்தது அளவு. மடிப்பில் மட்டுமல்ல, கை கால் முழுவதும், காலையும் இரவும், அரிப்பு இல்லாத நாளிலும் பூச வேண்டும். உடல் முழுக்கப் பூசும் பெரியவருக்கு வாரம் 250 கிராமாவது செலவாகும். அதனால் சின்ன டியூப் அல்ல, பெரிய டப்பாவே கட்டுப்படியாகும். முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவினால் போதும், அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் புண்ணாகும். நம் புழுக்கத்தில் பிசுபிசுப்பான பெட்ரோலியம் ஜெல்லி வியர்வையை அடைக்கும். பகலில் கிரீம், இரவில் ஜெல்லி என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்றில் கவனம் தேவை: இவை ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். அந்த உடையோடு அடுப்பருகே நிற்கக் கூடாது.

சிவந்து தடித்த நாட்களில் மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டும். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை பரப்புக்குக் காணும். இரு முழங்கை மடிப்புகளுக்கு ஒரு நீளம், முழங்கால்களுக்கு இன்னொன்று. இதற்கும் மாய்ஸ்சரைசருக்கும் இடையே இருபது முப்பது நிமிடம் இடைவெளி விடுங்கள். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மடிப்பில் தோல் மெலிந்து கோடுகள் விழும்.

கத்தரிக்காய், கருவாடு என்று சாப்பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலக்குவோர் பலர். பெரியவர்களின் எக்ஸிமாவுக்கு உணவு மட்டுமே காரணமாவது அரிது. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் கூடுகிறதென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வியர்வை, வாசனைப் பொருட்கள், பாலியெஸ்டர் உடை, மன அழுத்தம், தூக்கக்கேடு ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

அரிக்கும் தடிப்பெல்லாம் எக்ஸிமா அல்ல. வட்டமாக, விளிம்பு தடித்து நடுவில் தெளிந்து பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். முழங்கையின் வெளிப்பக்கம் வெள்ளிநிறச் செதில்களோடு தடித்தால் சொரியாசிஸை நினைக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கிப் படர்தாமரையில் தடவினால், அரிப்பு சில நாள் அடங்கும், பூஞ்சை அடியில் பரவும்.

தடிப்பில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்கு கட்டினாலோ, சூடும் வலியும் காய்ச்சலும் வந்தாலோ, சிறு கொப்புளங்கள் திடீரெனக் கூட்டமாகத் தோன்றினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், மேலே சொன்னபடி பூசியும் சில வாரத்தில் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். கடைக்காரர் தரும் அடுத்த டியூபை வாங்காதீர்கள்.