வெளிநாட்டு ஆர்டரா? ‘ஓகே’ சொல்லும் முன் சுங்க வரியைப் பேசிவிடுங்கள்

தெப்பக்காடு யானைகள் முகாமைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு அமெரிக்கப் பயணி, உங்களிடம் வாங்கிய தோடர் எம்பிராய்டரி சால்வை பிடித்துப்போய், இன்னொன்று வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 6,000 ரூபாய். தபால் செலவையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். இத்தோடு கணக்கு முடிந்ததா? இல்லைங்க. இறக்குமதி வரி பாக்கி இருக்கிறது.

முன்பெல்லாம் 800 டாலர் வரையிலான பார்சல்கள் அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போய்விடும். 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை நின்றுவிட்டது. சில வாரங்கள் நிறுத்தி வைத்திருந்த அமெரிக்கப் பார்சல் சேவையை இந்திய அஞ்சல் துறை 2025 அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியபோது, ஒரு புதிய முறை வந்தது. வரியை அமெரிக்காவில் வாங்குவதில்லை. இங்கே புக்கிங் கவுண்டரிலேயே அனுப்புபவரிடம் வாங்கிவிடுகிறார்கள். அன்றைய விகிதம், அறிவித்த பொருள் மதிப்பில் 50 சதவீதம்.

அந்த விகிதப்படி நம்ம சால்வைக்கு வரி 3,000 ரூபாய். முன்கூட்டியே சொல்லாமல் பணத்தை வாங்கிவிட்டால், அந்த 3,000 உங்கள் கையிலிருந்துதான் போகும். வரி விகிதம் அடிக்கடி மாறுவதால், ஆர்டரை உறுதி செய்யும் முன் அஞ்சலகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது பொருளின் சுங்கக் குறியீட்டையும் சொல்லுங்கள். சால்வை வகைக்கு அது 6214 என்று தொடங்கும்.

மற்ற பல நாடுகளுக்கு நிலைமை தலைகீழ். பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு, வாங்குபவரிடம்தான் வரி கேட்பார்கள். கூடவே தபால் அல்லது கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும். “இதை நீங்க சொல்லவே இல்லையே” என்று அவர் பார்சலை வாங்க மறுத்தால் அது திரும்பி வரும். திரும்பி வரும் செலவு உங்கள் தலையில் விழலாம். புக்கிங் படிவத்தில் ‘டெலிவரி ஆகாவிட்டால் என்ன செய்வது’ என்ற கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் விடாதீர்கள்.

எனவே பணம் வாங்கும் முன் இப்படி ஒரு செய்தியை, அவருக்குப் புரியும் மொழியில் அனுப்புங்கள்:

“சால்வை விலை 6,000 ரூபாய். தபால் செலவு தனி. உங்கள் நாட்டின் இறக்குமதி வரி இன்றைய நிலவரப்படி சுமார் ____ ரூபாய். இதை நீங்கள் தர வேண்டும். உங்கள் சார்பில் நான் இங்கேயே கட்டிவிடுவேன். புக் செய்யும் நாளில் விகிதம் மாறினால் வித்தியாசத்தைச் சொல்கிறேன். சம்மதமா?”

வாங்குபவரே அங்கே கட்டும் நாடு என்றால், “வரியும் கையாளும் கட்டணமும் டெலிவரியின்போது உங்களிடம் கேட்கப்படும், என் விலையில் அது சேரவில்லை” என்று மாற்றிக்கொள்ளுங்கள். “சம்மதம்” என்ற பதில் வந்த பிறகே ஆர்டரை உறுதி செய்யுங்கள். அந்த உரையாடலை அழிக்காமல் வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

“கிஃப்ட்னு எழுதிடுங்க, விலையைக் குறைச்சுப் போடுங்க” என்று சிலர் கேட்பார்கள். விற்ற பொருளை அப்படி எழுதுவது பொய்யான அறிவிப்பு. சுங்கத்தில் சிக்கினால் பார்சல் தடுத்து வைக்கப்படலாம். வழியில் தொலைந்தாலும், குறைத்து எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது.