அரைத் தட்டிலேயே மூச்சு வாங்கினால்…

ஒரு வாய் சோற்றை விழுங்கும் நேரத்தில் நாம் மூச்சு விடுவதில்லை. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதபடி தொண்டை ஒரு நொடி வழியை மூடிக்கொள்கிறது. நமக்கு இது தெரிவதேயில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றிய ஒருவருக்கோ, ஒவ்வொரு விழுங்கலும் ஒரு மூச்சு இழப்பு. அதனால்தான் அரைத் தட்டிலேயே கையை எடுத்துவிடுகிறார்.

இந்த நோயில் சிலருக்கு உள்ளே போகும் ஆக்ஸிஜன் குறைவதோடு, வெளியேற வேண்டிய கரியமில வாயுவும் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. தமனி ரத்தத்தில் அது 35 முதல் 45 வரை இருக்க வேண்டும். இவர்களுக்கு 50, 60 என்று ஏறி நிற்கும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், கைகளை நீட்டினால் ஒரு படபடப்பு என்று அது வெளியே தெரியும். இப்படிப்பட்டவருக்கு எவ்வளவு, எத்தனை தடவை சாப்பாடு கொடுப்பது என்பதை எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

புரிவதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 64. முப்பது வருடம் பீடி குடித்தவர். உயரம் 165 செ.மீ., இப்போதைய எடை 46 கிலோ. ஆறு மாதத்துக்கு முன் 52 இருந்தது. ரத்தத்தில் கரியமில வாயு 58. மனைவியோடு உணவியல் நிபுணரிடம் வந்திருக்கிறார்.

நிபுணர் முதலில் போட்டது ஒரு சின்னக் கணக்கு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் 17-க்கும் சற்றுக் கீழே. ஆறு மாதத்தில் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் எடை போயிருக்கிறது. 5 சதவீதம் போனாலே கவனிக்க வேண்டும். அடுத்து, கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. நோய் இதயத்தின் வலப்பக்கத்தைச் சோர்வடையச் செய்திருப்பதால் கால்களில் நீர் கோத்திருக்கிறது. அப்படியானால் அந்த 46 கிலோவிலும் ஒன்றிரண்டு கிலோ வெறும் தண்ணீர். உண்மையான தேய்மானம் எண் காட்டுவதைவிடப் பெரிது. பொட்டுகளில் குழி, மெலிந்த புஜம், ஆடுசதையின் சுற்றளவு, கைப்பிடியின் வலு ஆகியவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். கொழுப்போடு தசையும் கரைகிறதா என்பதே கேள்வி. தசை கரைந்தால் மூச்சிழுக்கும் தசைகளும் சேர்ந்தே மெலியும்.

பிறகு, “நேத்துக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்க ஐயா?” என்று கேட்டார். காலையில் டீ, இரண்டு இட்லி. மதியம் ரசம் சாதத்தில் பாதி. சாயங்காலம் டீ, பிஸ்கட். இரவு கொஞ்சம் மோர் சாதம். கூட்டினால் ஆயிரத்துச் சொச்சம் கலோரி, புரதம் 25 கிராம் அளவு. மனைவி இடைமறித்தார்: “சோறு சாப்பிட்டா அந்த வாயு கூடும்னு யாரோ சொன்னாங்கம்மா. அதான் நானே குறைச்சுட்டேன்.”

இந்தப் பயத்துக்கு ஒரு அடிப்படை உண்டு. உடல் மாவுச்சத்தை எரிக்கும்போது பத்துப் பங்கு ஆக்ஸிஜனுக்குப் பத்துப் பங்கு கரியமில வாயு வரும். கொழுப்பை எரித்தால் ஏழு பங்குதான். அப்படியானால் சோற்றைக் குறைத்து நெய்யைக் கூட்டினால் சரியாகிவிடுமே என்று ஒரு காலத்தில் மருத்துவர்களும் நினைத்தார்கள். 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளுக்கு மொத்தக் கலோரியை மாற்றாமல் மாவுச்சத்தின் பங்கை மட்டும் 40-லிருந்து 75 சதவீதம் வரை கூட்டினார்கள். கரியமில வாயு உற்பத்தியில் சொல்லும்படி மாற்றம் இல்லை. மொத்தக் கலோரியை உடலின் தேவையைப் போல இரண்டு மடங்காக்கியபோது, அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தை உடல் கொழுப்பாக மாற்றும்போது வாயு இன்னும் அதிகமாக வருகிறது. ஆகவே சோற்றை ஒதுக்க வேண்டியதில்லை. மொத்தத்தில் அளவு மீறக் கூடாது. இவரோ மீறும் நிலையில் இல்லை, பட்டினியின் பக்கம் நிற்கிறார்.

நிபுணர் அடுத்துச் செய்தது பலரும் செய்யாத ஒன்று. அவரைத் தன் முன்னாலேயே சாப்பிடச் சொன்னார். விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி. சாப்பிட உட்கார்ந்தபோது 90. நான்கைந்து வாய்க்குள் முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். எட்டாவது வாயில் கருவி 85 காட்டியது. “வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும்மா” என்று தட்டைத் தள்ளினார். வயிறு நிறையவில்லை. நோயில் நுரையீரல் உப்பிப்போய் உதரவிதானத்தைக் கீழே தட்டையாக அழுத்தி வைத்திருக்கிறது. வாய் வழியாக விழுங்கிய காற்றும் தண்ணீரும் கீழிருந்து அதை மேலே தள்ளுகின்றன. இரண்டுக்கும் நடுவில் மூச்சுக்கு இடமில்லை.

எனவே தீர்வு தட்டின் அளவில் இருந்தது. எடைக்குக் கிலோவுக்கு 30 கலோரிக்குச் சற்று மேல், புரதம் 1.2 முதல் 1.5 கிராம் என்று வைத்து, நாளுக்கு 1,450 கலோரி, 60 கிராம் புரதம் என்று முடிவானது. அதை ஆறாகப் பிரித்தார்கள். காலை ஏழுக்குப் பால். எட்டரைக்கு நெய் விட்ட இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஓர் அவித்த முட்டை. பதினொன்றுக்குப் பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி. மதியம் குழைய வடித்த பருப்பு சாதம் ஒரு கிண்ணம், முள் நீக்கிய மீன். நான்கு மணிக்கு வாழைப்பழமும் பாலும். இரவு ஏழரைக்குத் தயிர் சாதம். உடம்பு தெளிவாக இருக்கும் காலை வேளையில் சற்றுக் கூடுதலாகவும், இரவில் குறைவாகவும் வைத்தார்கள்.

சாப்பிடும் முறையும் மாறியது. அரை மணி நேரம் முன்பு ஓய்வு, இன்ஹேலர். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், பேச்சு வேண்டாம். தண்ணீர் சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான். வீட்டில் ஆக்ஸிஜன் இருந்தால் மூக்குக் குழாயோடு சாப்பிடலாம். ஆனால் 88-இலிருந்து 92-க்குள் நின்றால் போதும். எண் அழகாக ஏறட்டும் என்று குமிழைத் தாமாகத் திருப்பினால், கூடுதல் ஆக்ஸிஜனே இவர்களுக்குக் கரியமில வாயுவை ஏற்றிவிடக்கூடும்.

இந்த முழு அளவையும் முதல் நாளே கொடுக்கவில்லை. நெடுநாள் அரைவயிறாக இருந்தவருக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உதரவிதானமே வலுவிழக்கலாம். ரத்தப் பரிசோதனை பார்த்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டினார்கள்.

வீட்டுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: வாரம் ஒருமுறை காலையில், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து நோட்டில் எழுதுவது. வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் உணவு சேர்கிறது என்று கொள்ளலாம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாப்பிட்ட பிறகு வழக்கத்துக்கு மீறித் தூங்கி விழுந்தாலோ, காலைத் தலைவலி கூடினாலோ அன்றே போக வேண்டும். நோட்டை வாங்கிக்கொண்ட மனைவி கேட்டார்: “அப்ப சோறு போடலாமாம்மா?” நிபுணர் மேசையிலிருந்த சின்னக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். “இந்த அளவு போடுங்க. மூணு மணி நேரம் கழிச்சு மறுபடியும் ஏதாவது கொடுங்க.”